"கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சீங்க?"

பெரியப்பா போன அன்று காலை, சுவரொட்டி அடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அச்சகத்துக்காரர் கம்ப்யூட்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்: "சிவலோக பதவியா தம்பி, வைகுண்ட பதவியா?"

ஏதோ ரயிலில் எந்த வகுப்பு என்று கேட்பது போலத்தான் இருந்தது. பெரியப்பா கோயிலுக்குப் போவார், ஆனால் திருநீறும் பூசுவார், புரட்டாசிச் சனிக்கிழமையும் விடமாட்டார். நான் யோசிப்பதைப் பார்த்து அவரே வழிவிட்டார். "இறைவனடி சேர்ந்தார்னு போட்டா ரெண்டுக்கும் பொருந்தும். சாமி நம்பிக்கை இல்லாதவர்னா இயற்கை எய்தினார். கிறிஸ்தவங்களா இருந்தா கர்த்தருக்குள் நித்திரை. எல்லாம் ரெடியா இருக்கு." நான் 'காலமானார்' போதும் என்றேன். "அது எல்லாருக்கும் போடறதுதானே" என்று அரை மனதோடு தட்டச்சு செய்தார். நான் பெரியப்பாவுக்குச் செய்ய வேண்டியதில் கஞ்சத்தனம் பிடித்தது மாதிரி அவர் முகம் போயிற்று. அப்புறம் கேட்டார்: "எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?"

எதை எடுக்கிறோம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "நாலு மணிக்கு" என்றேன்.

அன்று முழுக்க இதையே கவனித்துக்கொண்டிருந்தேன். துக்கத்தில் மனசு இப்படி எதையாவது பிடித்துக்கொள்ளும். அண்ணன் போனில் "அப்பா தவறிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுக்காரர் "பெரியவர் போயிட்டாராமே" என்றபடி வந்தார். ஆஸ்பத்திரியில் விடியற்காலை "எக்ஸ்பயர் ஆயிட்டார்" என்றார்கள், பத்து நிமிஷத்தில் "பாடியை எப்ப எடுத்துக்கறீங்க?" என்றார்கள். மாலையில் எரிமேடையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த ஊழியர் மட்டும்தான் தலையைத் தூக்கி, "எப்ப செத்தாரு?" என்று கேட்டார். சுருக்கென்றது. ஆனால் அந்த நாளில் என்னிடம் கேட்கப்பட்டவற்றுள் தடுமாறாமல் பதில் சொன்னது அந்த ஒரு கேள்விக்குத்தான். "மூணே காலுக்கு."

சொல்லக் கூசுகிற விஷயங்களைச் சுற்றி வளைத்துச் சொல்வது உலகத்தில் எல்லா மொழியிலும் உண்டு. தமிழில் ஒரு விசேஷம் என்னவென்றால், நம் இலக்கணக்காரர்கள் இதற்குத் தனி இடம் ஒதுக்கி, அதற்குள் பிரிவும் வைத்திருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் 'தகுதி வழக்கு' என்று ஒன்று வரும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். அதில் மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. மூன்றாவது தொழில்காரர்களின் ரகசியப் பேச்சு, தட்டார் ஒரு மாதிரியும் தரகர் ஒரு மாதிரியும் தமக்குள் பேசிக்கொள்வது. அதை விட்டுவிடலாம். முதல் இரண்டும்தான் முக்கியம். சபையில் சொல்ல நாக்கூசுவதை மறைத்துச் சொன்னால் இடக்கரடக்கல். சொன்னால் கெட்டது வந்துவிடுமோ என்று பயந்து நல்ல சொல்லாக மாற்றிச் சொன்னால் மங்கலம். ஒன்றுக்கு வேர் கூச்சம், இன்னொன்றுக்கு வேர் பயம். இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் குழப்பாமல் பிரித்து வைத்ததைப் பார்க்கும்போது பவணந்தியாருக்கு மனிதர்களை நன்றாகத் தெரியும் என்று தோன்றுகிறது.

சாவு மங்கலத்தின் கணக்கில் வரும். உரைகாரர்கள் மங்கலத்துக்குத் தரும் முதல் உதாரணமே செத்தாரைத் துஞ்சினார் என்பதுதான். துஞ்சுதல் என்றால் தூங்குதல். அடுத்து சுடுகாட்டை நன்காடு என்பார்கள். இது ஏட்டில் மட்டும் இருந்த வழக்கல்ல. சங்க காலத்து அரசர்களின் பெயரோடேயே அவர்கள் இறந்த இடம் ஒட்டிக்கொண்டு வருகிறது, அதுவும் 'துஞ்சிய' என்றே: குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன். ஆயிரம் ஆண்டு கழித்துச் சோழர் காலத்திலும் அப்படித்தான். இராசராசனின் தந்தை சுந்தர சோழன் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'. 949-ல் தக்கோலப் போரில் யானை மேல் இருந்தபடியே கொல்லப்பட்ட இளவரசன் இராசாதித்தன் 'ஆனைமேல் துஞ்சின' தேவர். போர்க்களத்தின் நடுவே, அம்பு பட்டு, யானை மேல் ஒருவன் தூங்கினானாம். இறந்த அரசரை அடக்கம் செய்த இடத்தில் எழுப்பும் கோயிலுக்குப் பெயர் பள்ளிப்படை. அதிலும் பள்ளி என்பது படுக்கைதான்.

இன்று நாம் அரசுச் சான்றிதழில் எந்த அலங்காரமும் இல்லாத சொல் என்று நினைத்து எழுதும் 'இறப்பு'கூட ஒரு காலத்தில் இப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான். பழந்தமிழில் இறத்தல் என்றால் கடந்து போதல், எல்லை தாண்டுதல். காட்டைக் கடந்து போகிறவன் காட்டை 'இறந்து' போவான். நாம் பள்ளியில் படித்த இறந்தகாலம் செத்துப்போன காலமில்லை, கடந்துபோன காலம். 'அவர் கடந்து போய்விட்டார்' என்று நாசூக்காகச் சொன்ன சொல் புழங்கிப் புழங்கிக் கடைசியில் சாவின் நேர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஆனால் கவனியுங்கள், அது கெட்ட சொல்லாகவில்லை. 'இறந்தார்' என்று யாரைப் பற்றியும் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பயத்தில் பிறந்த சொல்லுக்கு ஒரு நல்ல குணம், அது நாறுவதில்லை. வைசூரி கண்டவரை "அம்மா வந்திருக்கா" என்றார்கள், இன்று சின்னம்மைக்கும் அதையே சொல்கிறோம். இரவில் பாம்பைப் பூச்சி என்றார்கள். விளக்கை அணைக்கச் சொல்லாமல் குளிர வைக்கச் சொன்னார்கள். வாசலைத் தாண்டும்போது "போறேன்" என்றால் இன்றும் வீட்டில் திட்டு விழும், "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாம் பழசாகித் தேய்ந்த சொற்கள், ஆனால் எதுவும் அழுக்காகவில்லை.

அப்படியானால் சாவைப் பற்றிய நம் சொற்களில் தெரிவது வெறும் பயம்தானா என்றால், இல்லை. அதில் ஏணி ஒன்று இருக்கிறது. நாய் செத்துப்போகும். தெருவில் ஒருவர் தவறிவிடுவார். தலைவர் மறைவார். பிடிக்காதவன் மண்டையைப் போடுவான். நாளிதழில் தொழிலதிபர் காலமாவார், லாரி மோதிய கூலித் தொழிலாளி பலியாவார். பலி என்றால் தெய்வத்துக்குக் கொடுக்கும் காணிக்கை. இரண்டே எழுத்து, தலைப்புக்கு வசதி, அதனால் நிலைத்துவிட்டது. ஆனாலும் 'பேருந்து கவிழ்ந்து 6 பேர் பலி' என்று படிக்கும்போது, எந்தச் சாமிக்கு என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் 'மோசம் போயிட்டார்' என்பார்கள். இங்கே அதற்கு ஏமாந்துபோனார் என்று பொருள். இரண்டும் ஒன்றுதானோ என்னவோ.

ஆக, சாவைச் சொல்ல நமக்குச் சொல் பஞ்சம் கிடையாது. எந்தப் படியில் நிற்பவருக்கும், எந்தச் சாமியைக் கும்பிடுபவருக்கும் ஒன்று உண்டு. அச்சகத்துக்காரர் அதைப் பட்டியலாகவே வைத்திருந்தார்.

கழிப்பறைக்கு வந்தால் கதை வேறு. இது இடக்கரடக்கலின் சொந்த ஊர். எவ்வளவு சொந்தம் என்பதற்குத் தொல்காப்பியத்திலேயே ஒரு சுவையான சாட்சி இருக்கிறது. பசுவின் சாணத்துக்குப் பழைய சொல் ஆப்பி. 'ஆ' என்ற சொல்லோடு 'பீ' என்ற சொல் சேரும்போது நடுவில் ஒரு ப் மிகுந்து, பீ குறுகிப் பி ஆகிறது. இதற்கு விதி எழுத வேண்டும். விதியில் அந்தச் சொல்லைச் சொல்லியாக வேண்டும். தொல்காப்பியர் சொல்லவில்லை. பகரத்தின் மேல் ஈகாரம் ஏறி வருவது என்கிற மாதிரி எழுத்துக்கூட்டி எழுதி நகர்ந்துவிடுகிறார். நன்னூலாரும் இதே போலத்தான் 'ப'வையும் 'ஈ'யையும் தனித்தனியே நிறுத்திக் காட்டுகிறார். புள்ளிவைத்து மறைக்கிற நம் காலத்துப் பத்திரிகை உத்தியின் மூத்த அண்ணன் இது.

அதே தொல்காப்பியர் இன்னொரு விதியும் சொல்கிறார். சபைக்கு ஆகாததை மறைத்துச் சொல்லுங்கள், ஆனால் பழகிப் புழங்கிப்போன சொற்களை மறைக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். உரைகாரர்கள் அதற்குக் காட்டும் உதாரணங்கள் ஆப்பி, ஆட்டுப் பிழுக்கை, யானை இலண்டம். பசுவுடையது, ஆட்டுடையது, யானையுடையது எல்லாம் சபைக்கு வரலாம். வாசலில் தெளிக்கிறோம், வயலுக்குப் போடுகிறோம், அதில் கூச்சமென்ன? மனிதனுடையதற்குத்தான் தடை. அதற்கு அவர்கள் தரும் மறைப்புச் சொல் கண் கழுவி வருகிறேன், கால்மேல் நீர் ஊற்றி வருகிறேன் என்கிற வகை. நம் பாட்டிமார் "கால் கழுவிட்டு வரேன்" என்றது இந்த வம்சம். மாலில் பளபளக்கும் பலகையில் 'வாஷ்ரூம்' என்று எழுதியிருப்பதும் இதே கழுவல்தான்.

ஆனால் இந்தச் சொற்கள் சாவுச் சொற்களைப் போல நிம்மதியாக முதுமை அடைவதில்லை. இவற்றுக்கு வயசானால் நாற்றம் பிடிக்கிறது. கக்கூஸ் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். டச்சு மொழியிலிருந்து வந்தது. பழவேற்காடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி, இலங்கை என்று 17-ஆம் நூற்றாண்டிலிருந்து டச்சுக்காரர்கள் உட்கார்ந்திருந்த கரையெல்லாம் இந்தச் சொல் இறங்கியது. சிங்களத்திலும் இருக்கிறது. டச்சில் 'கக்' என்றால் பீ, 'ஹவ்ஸ்' என்றால் வீடு. அந்த ஊர்க்காரர் காதுக்கு அது பச்சைச் சொல். நம் காதுக்கு அது வெள்ளைக்காரர் வைத்திருந்த ஒரு கட்டடத்தின் பெயர். பொருள் தெரியாததால் நாற்றமும் தெரியவில்லை. வெளிக்கு, கொல்லைக்கு, கம்மாய்க்கரைக்கு, காட்டுக்கு என்று திசையைச் சொல்லி ஒதுங்கிக்கொண்டிருந்த ஊரில் நாலு சுவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது கக்கூஸ் கௌரவமாக உள்ளே வந்தது.

என் அப்பா காலத்தில் அது வீட்டில் சாதாரணமாகச் சொல்லப்பட்ட சொல். நான் பள்ளிக்குப் போனபோது அது வீட்டுக்கு மட்டும் என்றாகிவிட்டது. வகுப்பில் ஒரு விரலைக் காட்டி "சார், ஒன் பாத்ரூம்" என்போம். குளிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என் மகளிடம் கக்கூஸ் என்றால் அவள் மூக்கைச் சுளிக்கிறாள், அந்தச் சொல்லிலேயே வாடை வருகிறது அவளுக்கு. அவளுக்கு டாய்லெட். போன வருஷம் அதுவும் போயிற்று. "டாய்லெட்னு சொல்லக் கூடாதாம்ப்பா, ரெஸ்ட்ரூம்னு சொல்லணுமாம், மிஸ் சொன்னாங்க." அம்மா காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்: "ரெஸ்ட் எடுக்கற இடமாடி அது?"

ஒவ்வொரு சொல்லாக ஓடிக்கொண்டே இருக்கிறோம். காரணம் சொல்லில் இல்லை. அந்த இடத்தைச் சுத்தம் செய்கிறவர் யார், அவரை நாம் எங்கே நிறுத்தியிருக்கிறோம் என்பதில் இருக்கிறது. வெறும் மலம் மீதுள்ள அருவருப்பு என்றால் அது எல்லா ஊரிலும் ஒன்றுதான், மனித உடம்போடு பிறந்தது. நம் ஊரில் அந்த அருவருப்பு ஒரு சாதியின் மேல் ஏற்றப்பட்டது. தோட்டி என்ற சொல் வசவானது. அதன் இடத்தில் துப்புரவுப் பணியாளர் வந்தது. துப்புரவு என்றாலே சுத்தம்தான், ஆனாலும் அதுவும் தாழ்ந்த சொல்லாகத் தோன்ற ஆரம்பித்து, 2020-ல் தமிழக அரசு அதைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. பெயர் மாறியதில் எனக்கு வருத்தமில்லை, மரியாதையான பெயர் மரியாதைதான். ஆனால் கையால் மலம் அள்ள ஆளை வைப்பதற்கு 1993-லும் 2013-லும் இரண்டு தடைச் சட்டங்கள் வந்த பிறகும் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆள் இறங்குவது நிற்கவில்லை. அது நிற்காத வரை இந்தச் சொல்லுக்கும் வாடை ஏறும், இன்னொரு சொல் தேட வேண்டிவரும். 2017-ல் திவ்யபாரதி இந்தத் தொழிலாளர்களைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு 'கக்கூஸ்' என்றே பெயர் வைத்தார். எல்லோரும் ஓடிவந்த சொல்லுக்கே திரும்பிப் போனது நல்ல தீர்மானம் என்பேன்.

இங்கே ஒன்று கண்ணில் படும். ஆஸ்பத்திரியில் எக்ஸ்பயர், பாடி. டாக்டர் அறையில் மோஷன், யூரின். வீட்டில் பீரியட்ஸ். சினிமா பேச்சில் செக்ஸ். இன்றைய தமிழனுக்கு இங்கிலீஷ்தான் இடக்கரடக்கல். தாய்மொழிச் சொல் உடம்பில் எங்கேயோ சுடுகிறது, வேற்றுமொழிச் சொல் கையுறை போட்டுத் தொடுவது மாதிரி. முன்பு சமஸ்கிருதம் அந்தக் கையுறையாக இருந்தது, மலம், மூத்திரம், மரணம் எல்லாம் அப்படி வந்தவை. கக்கூஸும் கையுறையாக வந்ததுதான். கையுறைக்கும் ஒரு நாள் அழுக்கு ஏறும்.

மூன்றாவதுக்கு வருகிறேன். இதை எழுத எனக்கே கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, அதிலிருந்தே விஷயம் புரியும்.

காமத்தைச் சொல்லத் தமிழில் சொல்லில்லாமல் இல்லை. அகத்திணையில் குறிஞ்சிக்கு உரிய பொருளே புணர்தல். கூடல், கலவி, புணர்ச்சி என்று நல்ல சொற்கள். எழுத்துகள் சேர்வதற்கும் இலக்கணத்தில் அதே பெயர், தொல்காப்பியத்தில் அதற்குப் புணரியல் என்று ஓர் இயலே உண்டு. ஒன்பதாம் வகுப்பில் தமிழாசிரியர் கரும்பலகையில் 'புணர்ச்சி விதி' என்று எழுதியதும் பின் வரிசையில் எழுந்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவர் திரும்பாமலே "நிலைமொழி, வருமொழி, அவ்வளவுதான்டா" என்றார். அந்தச் சிரிப்பில் ஒரு தகவல் இருந்தது: அந்தச் சொல் எங்களுக்குத் தெரியும், ஆனால் எந்த இடத்தில் வைத்துச் சொல்வதென்று தெரியாது.

அதுதான் இங்கே கோளாறு. சாவுக்கு எல்லாப் படியிலும் சொல் இருக்கிறது. கழிப்பறைக்குச் சொல் மாறிக்கொண்டே இருந்தாலும் அந்தந்தக் காலத்துக்கு ஒன்று கையில் இருக்கும், 'ஒண்ணுக்கு, ரெண்டுக்கு' என்று குழந்தையும் சொல்லும் கலெக்டரும் சொல்லுவார். காமத்துக்கும் அதன் உறுப்புகளுக்கும் மூன்றே இடத்தில்தான் சொல் உண்டு. குழந்தையைக் குளிப்பாட்டும்போது கொஞ்சிச் சொல்லும் சொல். பாடப்புத்தகத்தில் 'பிறப்புறுப்பு'. தெருச் சண்டையில் வசவு. நடுப்படி காணோம். ஓர் எட்டு வயதுப் பிள்ளை அம்மாவிடம் சொல்லக்கூடிய, அம்மா அதிராமல் கேட்கக்கூடிய, ஒரு சாதாரணச் சொல் கிடையாது. பத்திரிகைகள் வெகுகாலம் 'மர்ம உறுப்பு' என்று எழுதின. மனித உடம்பிலேயே யாருக்கும் மர்மமில்லாதது அது.

இந்த இடைவெளி எங்கே வந்து முட்டுகிறது என்பதற்கு ஒரு நிலைமையை நினைத்துப் பாருங்கள். 2012-ல் வந்த போக்சோ சட்டம், குழந்தை சொல்வதைக் குழந்தை சொன்னபடியே பதிவு செய்ய வேண்டும் என்கிறது. நல்ல விதி. பெரியவர்கள் தங்கள் சொல்லைக் குழந்தையின் வாயில் திணிக்கக் கூடாது. எட்டு வயதுக் குழந்தை என்ன சொல்லும்? "அந்த மாமா தப்பு பண்ணாங்க." "கெட்ட வேலை செஞ்சாங்க." "அந்த இடத்துல வலிக்குது." வீட்டில் கேட்டுப் பழகிய சொற்கள் அவைதான். ஆனால் சட்டத்துக்குத் 'தப்பு' போதாது. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையிடம் தகாத எண்ணத்தோடு தொட்டதுக்குத் தண்டனை 5 முதல் 7 ஆண்டு. உட்செலுத்திய வன்முறை என்றால் குறைந்தது 20 ஆண்டு. இரண்டுக்கும் நடுவே இருப்பது, நடந்தது எது என்று தெளிவாகச் சொல்ல முடிகிற ஒரு சொல். மருத்துவப் பரிசோதனை எல்லா நேரமும் கைகொடுக்காது, நாள் கடந்து தெரியவரும்போது தடயமே இருக்காது. அப்போது குழந்தையின் வாக்குமூலம்தான் பிரதானம். 'அந்த இடம்' எந்த இடம் என்று கேட்கப்படும். குழந்தை தலையைக் குனியும். குறுக்கு விசாரணையில், வயிற்றைத்தானே சொன்னாய் என்று கேட்கலாம். குழந்தையின் மேல் குறையில்லை. நாம் அதன் கையில் கொடுத்து வைத்த சொல் அவ்வளவுதான்.

'தப்பு', 'கெட்ட வேலை' என்ற சொற்களைத் திரும்பிப் பாருங்கள். சாவை மறைத்த சொல் செத்தவரைப் பழிக்கவில்லை. இந்தச் சொற்கள் பழிக்கின்றன. 'அந்தப் பொண்ணு கெட்டுப்போயிட்டா.' யார் கெடுத்தது என்பது வாக்கியத்தில் இல்லை. நாளிதழ்கள் பல்லாண்டு எழுதிய 'கற்பழிப்பு' இதே வகை. குற்றவாளி அழித்தது எதையோ அல்ல, அவளுடைய கற்பை, ஆகவே அவளிடம் இனி அது இல்லை என்று அந்தச் சொல்லே தீர்ப்புச் சொல்லிவிடும். பெண்கள் இயக்கங்கள் இடித்து இடித்துக் காட்டிய பிறகு பாலியல் வன்கொடுமை, பாலியல் வன்புணர்வு என்ற சொற்கள் வந்தன. நீளமான சொற்கள்தான், தலைப்பில் அடங்காது என்று பக்கம் வடிவமைப்பவர்கள் முணுமுணுத்ததை நானே கேட்டிருக்கிறேன். ஆனால் அதில் கொடுமை செய்தவன் தெரிகிறான்.

பெண் உடம்பைப் பற்றிய சொற்களில் இன்னொன்று, அவை மறைப்பதை விட அதிகமாகச் சட்டம் பேசும். மாதவிலக்கை 'தூரம்' என்றார்கள், 'வீட்டுக்கு விலக்கு' என்றார்கள். உடம்பில் என்ன நடக்கிறது என்பது அந்தச் சொற்களில் இல்லை. எங்கே போய் உட்கார வேண்டும் என்பதுதான் இருக்கிறது. மூன்று நாள் முடிந்து தலைக்குக் குளித்தால் வீட்டுக்குள் வரலாம். அதனால் தலைக்குக் குளிப்பது என்பதே அதற்கு மறுபெயராகிவிட்டது. அதன் மேல் இன்னொரு மாடி எழும்பியது: குளிக்க வேண்டிய நாள் வந்தும் குளிக்கவில்லை என்றால் கர்ப்பம். "மருமக முழுகாம இருக்கா" என்று பாட்டிமார் சந்தோஷமாகச் சொல்வது அதைத்தான். மறைப்புச் சொல்லின் மேல் மறைப்புச் சொல். வெளியூர்க்காரருக்கு அது ஏதோ சுகாதாரக் குறைபாடு மாதிரி கேட்கும்.

இந்த மாடி வீட்டில் வழுக்கி விழுந்தவர்களை என் சித்தி நிறையப் பார்த்திருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக இருந்தவர். கர்ப்பிணி முதல் தடவை வந்ததும் கடைசி மாதவிலக்கு எந்தத் தேதியில் தொடங்கியது என்று கேட்டு அட்டையில் எழுத வேண்டும். அந்தத் தேதியிலிருந்து 280 நாள், அதாவது ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவ தேதி. ஸ்கேன் எல்லா ஊருக்கும் வராத காலத்தில் மொத்தக் கணக்கும் அந்தத் தேதியின் மேல்தான் நின்றது. பிள்ளை வளர்ச்சி போதுமா, வலி முன்கூட்டியே வந்ததா, நாள் தள்ளிப்போய்விட்டதா எல்லாம் அதை வைத்துத்தான்.

"நான் 'கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சீங்க'ன்னுதான் கேட்பேன். எங்க காலத்துல அப்படித்தான்டா கேட்கறது. வயசானவங்களுக்கும் சரியாப் புரியும், கூட வந்திருக்கற மாமியாருக்கும் சங்கடமில்லை" என்றார் சித்தி. "ஒரு தடவை டவுன்லேருந்து கல்யாணமாகி வந்த பொண்ணு. 'நேத்துதான் சிஸ்டர், ஷாம்பு போட்டு' அப்படிங்குது. நானும் ஒரு நிமிஷம் அட்டையில நேத்து தேதியை எழுதப் போயிட்டேன்."

சிரித்துவிட்டு அவரே சொன்னார், அது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும் என்று. தெரியாமல் போவதுதான் ஆபத்து. சிலர் விலக்கு தொடங்கிய நாளைச் சொல்லாமல், குளித்து வீட்டுக்குள் வந்த நாளையே சொல்வார்கள். கேள்வியே அதுதானே. மூன்று நாள் தள்ளிப்போகும், சில வீடுகளில் ஐந்து நாள். அட்டையில் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தோன்றும்.

"அப்புறம் எப்படித்தான் கேட்டீங்க?" என்றேன்.

"பீரியட்ஸ்னு கேட்டா ஊருக்குள்ள பாதிப் பேருக்குப் புரியாது. மாதவிடாய்னு கேட்டா பாடம் நடத்தற மாதிரி முழிப்பாங்க. தூரம்னு கேட்க எனக்கே பிடிக்கலை. வீட்டுக்கே போயிடுவேன்டா. அடுப்படியில மாட்டியிருக்கற மாசக் காலண்டரைக் கழட்டிக் கையில கொடுத்து, பின்னாடி தாளைப் புரட்டச் சொல்லுவேன்."

அந்தக் காலண்டர்களை நானும் பார்த்திருக்கிறேன். பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. சிலிண்டர் மாற்றிய தேதிக்கு ஒரு வட்டம். சீட்டுப் பணம் கட்டிய கணக்கு ஓரத்தில். இவற்றுக்கு நடுவே, எந்தத் தேதியின் மூலையிலாவது பென்சிலால் வைத்த ஒரு சின்னப் புள்ளி. அது என்னவென்று நான் யாரையும் கேட்டதில்லை.

"விரலை வெக்கச் சொல்லுவேன்" என்றார் சித்தி. "சரியா அந்தப் புள்ளி மேல வெப்பாங்க."